பெரியவர்களைப் போனில் கல்யாணத்துக்கு அழைக்கும்போது முதலில் என்ன சொல்வது

"தம்பிக்குக் கல்யாணம். அப்பா இல்லை, அம்மாவுக்குப் போனில் பேசக் கூச்சம், அதனால ஊர்ல இருக்கிற பெரியவங்க எல்லாருக்கும் நான்தான் பேசணும். எங்க ஊர் கல்லிடைக்குறிச்சி, ஆனா நான் வளர்ந்தது சென்னை. பாதிப் பேரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுறதுன்னே தெரியலை. போனை எடுத்ததும் முதல்ல என்ன சொல்லணும்? மரியாதைக் குறைவா எதுவும் வந்துடக் கூடாது."

எழுபது, எண்பது வயதுக்காரருக்குத் தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தால் அவர் மனதில் முதலில் ஓடுவது "யாருக்கு என்ன ஆச்சோ" என்பதுதான். அந்த வயதில் தூரத்துச் சொந்தம் திடீரென்று கூப்பிடுகிறது என்றால் பெரும்பாலும் ஆஸ்பத்திரி சேதியாகவோ துக்க சேதியாகவோ இருக்கும். அதனால் நீங்கள் யார் என்பதும், சேதி நல்ல சேதி என்பதும் முதல் இரண்டு மூச்சுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அழைப்பு வார்த்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த இரண்டும் தெரியாதவரை அவர் காதில் ஒன்றும் ஏறாது.

நீங்கள் யார் என்பதை உங்கள் பெயரில் இருந்து தொடங்காதீர்கள். நம் பழக்கம் அப்படித்தான், "ஹலோ, நான் பிரியா பேசுறேன்" என்று ஆரம்பிப்போம். ஆச்சிக்கு எந்தப் பிரியாவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது உங்கள் தாத்தா வீடு, உங்கள் அப்பா, அந்தத் தெரு. ஊர், அப்பா பெயர், பிறகு நீங்கள், இதுதான் வரிசை. "ஆச்சி, நான் கல்லிடைக்குறிச்சி கணேசன் மக பேசுறேன், மூத்தவ" என்று சொன்னால் போதும், அப்புறம் வேண்டுமானால் உங்கள் பெயர். (கணேசன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.) அப்படியும் பிடிபடவில்லை என்றால் அப்பா பார்த்த வேலையோ உங்கள் வீட்டுக்கு ஊரில் வழங்கும் பெயரோ உடனே கைகொடுக்கும்: "கரண்டு ஆபீஸ்ல வேலை பாத்தாங்களே, அந்தக் கணேசன்." செய்யவே கூடாத ஒன்று உண்டு, "நான் யாருன்னு தெரியுதா, சொல்லுங்க பாப்போம்" என்று விளையாடுவது. ஞாபகம் தட்டுப்படாத பெரியவருக்கு அது ஒரு பரீட்சை. அவர் தோற்றுப்போய் சங்கடப்படுவார், அல்லது தெரிந்த மாதிரி பேசிவிட்டுக் கடைசிவரை யார் என்று தெரியாமலே போனை வைத்துவிடுவார். அந்த வீட்டுக்கு அழைப்பு போகவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, முறைக்கு வருவோம், உங்களுக்குப் பெரிய தலைவலி அதுதான் என்று தெரிகிறது. பட்டியல் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அம்மாவுடன் உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்க இவங்களை என்னன்னு கூப்பிடுவீங்க?" அம்மா பக்கத்துச் சொந்தம் என்றால், அம்மா அண்ணன், தம்பி என்று சொல்கிறவர் உங்களுக்கு மாமா. அம்மா அக்கா என்கிறவர் பெரியம்மா, தங்கச்சி என்றால் சித்தி. அம்மா மதினி என்கிறவர் அத்தை. எல்லோரும் தடுமாறும் இடம் அம்மாவின் மாமன் மகன். அம்மா வழிச் சொந்தம் என்பதால் எல்லோரையும் மாமா என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அம்மாவுக்கு அத்தான் என்றால் உங்களுக்கு அவர் பெரியப்பா அல்லது சித்தப்பா. அவரை மாமா என்றால் அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம், பக்கத்தில் இருக்கும் அவர் மனைவி விடமாட்டார், "முறை தெரியாம வளத்துருக்காங்க" என்று அன்று மாலையே நாலு வீட்டுக்குச் சொல்லிவிடுவார்.

அப்பா வழிக்கும் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அப்பா அண்ணன் என்றவர் பெரியப்பா, தம்பி என்றவர் சித்தப்பா, அக்கா தங்கச்சி எல்லாம் அத்தை, அப்பா அத்தான், மச்சான் என்று கூப்பிட்டவர் உங்களுக்கு மாமா. அப்பாவோ அம்மாவோ பெரியப்பா, சித்தி, அத்தை, மாமா என்று கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் உங்களுக்கு ஒரேயடியாகத் தாத்தா, ஆச்சி. அந்தத் தலைமுறையில் உங்களுக்குக் குழப்பமே இல்லை, ஊர்ப் பெயரை மட்டும் முன்னால் சேர்த்துக்கொண்டால் போதும், அம்பை ஆச்சி, தென்காசி தாத்தா என்று. நம் பக்கத்தில் தாய்மாமனைக் கட்டியவர்கள், அத்தை மகனைக் கட்டியவர்கள் நிறைய இருப்பதால் ஒரே ஆள் இரண்டு முறையில் வருவதும் உண்டு. அப்போது உங்கள் வீட்டில் இதுவரை எப்படி அழைத்தார்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள், புதிதாகக் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டாம். வயது எழுபதாக இருந்து முறை அண்ணனாக வந்தால் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டு "நீங்க" போட்டுப் பேசுங்கள். அங்கே முறையும் கெடாது, வயதுக்கான மரியாதையும் குறையாது.

நான் சொல்வது நெல்லைப் பக்கத்துப் பழக்கம். கோவை, ஈரோட்டுப் பக்கம் அம்மாவின் அம்மா அம்மிச்சி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "ங்க" உண்டு. காரைக்குடிப் பக்கம் அப்பத்தா, ஐயா. முஸ்லிம் வீடுகளில் ஸலாம் முதலில், கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் ஸ்தோத்திரம் முதலில். பிராமண வீடுகளில் நமஸ்காரம், அத்திம்பேர், மன்னி என்று அது தனி வரிசை. எந்த ஊருக்குப் பேசுகிறீர்களோ அந்த ஊர் முறைப்பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சு நடையைக் காப்பி அடிக்காதீர்கள். சென்னையில் வளர்ந்த பெண் திடீரென்று "நல்லாருக்கியளா, வந்தாவளா" என்று இழுத்தால் கேலி செய்கிற மாதிரி இருக்கும். நீங்கள் பேசுகிற தமிழே போதும்.

வணக்கம் சொல்வதா என்று கேட்பீர்கள். நெருங்கிய சொந்தத்துக்கு வணக்கம் கொஞ்சம் விறைப்பு, கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வந்த மாதிரி இருக்கும். முறைப்பெயரை வாய் நிறையச் சொல்லி "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பதே அங்கே வணக்கம். சம்பந்தி வீட்டுப் பெரியவர், அப்பாவுடன் வேலை பார்த்த மூத்தவர் போன்றவர்களுக்கு வணக்கம் சொல்லியே ஆக வேண்டும், அங்கே முறைப்பெயர் ஒட்டாது.

பெரும்பாலான வீடுகளில் போனை எடுக்கப்போவது ஆச்சி இல்லை, மருமகளோ பேரனோதான். அதனால் உங்களுக்கு இரண்டு தொடக்கம் தேவை. எடுத்தவரிடம் "யாரு பேசுறது?" என்று நீங்கள் கேட்கக் கூடாது, கூப்பிட்டது நீங்கள். ஆச்சியின் பெயரைச் சொல்லி "இருக்காங்களா" என்று கேட்பதும் கூடாது, வயதில் மூத்தவர் பெயரை வாயால் சொல்வதில்லை. அப்பாவின் பெரியம்மா அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார், மகன் வீட்டில், போனை மருமகள் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவின் பெரியம்மா மகன், அப்பாவுக்குத் தம்பி என்றால் உங்களுக்குச் சித்தப்பா, எடுத்தவர் சித்தி. பேச்சு இப்படிப் போகும்:

"ஹலோ, அம்பை ஆச்சி வீடுதானே? சித்திங்களா?"

"ஆமா, யாரு?"

"சித்தி, நான் கல்லிடைக்குறிச்சி கணேசன் மூத்த மக பேசுறேன், சென்னையில இருந்து. நல்லா இருக்கீங்களா? நல்ல விஷயமாத்தான் கூப்பிட்டேன்."

"அடடே, நீயா! நல்லாருக்கோம்மா. அம்மா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க சித்தி, பக்கத்துலதான் இருக்காங்க. ஆச்சி முழிச்சிருக்காங்களா? ஆச்சிகிட்ட முதல்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு, அப்புறம் உங்ககிட்டயும் சித்தப்பாகிட்டயும் பேசணும்."

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். கல்யாணம் என்ற சொல்லைச் சித்தியிடம் சொல்லவில்லை. அவர் வழியாகத் தெரிந்துகொண்டால் ஆச்சிக்கு அது ஊரார் மூலம் கேட்ட சேதி மாதிரி ஆகிவிடும். அதே நேரத்தில் "ஆச்சிகிட்ட குடுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால் சித்தி வெறும் போன் எடுத்துக் கொடுப்பவராகிவிடுவார். ஆச்சி கல்யாணத்துக்கு வருவதா வேண்டாமா என்பது பாதிக்குமேல் அந்தச் சித்தியின் கையில் இருக்கிறது, புடவை எடுத்து வைப்பதில் இருந்து மாத்திரை டப்பா வரை அவர்தான் பார்க்க வேண்டும். ஆச்சிக்குப் பிறகு அவரிடம் தனியாகவும் சித்தப்பாவிடம் தனியாகவும் ஒரு வார்த்தை அழைக்காமல் போனை வைக்காதீர்கள். "ஆச்சியைக் கூட்டிட்டு வாங்க சித்தி" என்று சொன்னால் அது அழைப்பே இல்லை, ஏவல். "நீங்களும் சித்தப்பாவும் பிள்ளைகளோட வரணும் சித்தி, ஆச்சிக்கு வண்டி நாங்க ஏற்பாடு பண்றோம்" என்றால்தான் அழைப்பு.

இப்போது ஆச்சி போனில்.

"ஆச்சி, நான் கணேசன் மக பேசுறேன். நல்லா இருக்கீங்களா ஆச்சி?"

"யாருட்டி, கணேசன் மகளா? இப்பத்தான் ஆச்சி ஞாபகம் வந்துச்சா?"

"தப்புதான் ஆச்சி, கோவிச்சுக்காதீங்க. நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க பேரனுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கு ஆச்சி."

இங்கே நிறுத்திவிடுங்கள். தேதி, மண்டபம் எதுவும் வேண்டாம். ஆச்சி சந்தோஷப்பட வேண்டும், "எந்தப் பேரனுக்கு, சின்னவனுக்கா?" என்பார், "பொண்ணு எந்த ஊரு, யாரு வீடு?" என்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒரே மூச்சில் தேதி, முகூர்த்தம், ரிசப்ஷன், மண்டபம், மேப் லிங்க் வரைக்கும் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காது மந்தமான ஒருவருக்கு அதில் எதுவும் தங்காது. வயதானவர்களுக்குக் கேட்காமல் போவது முதலில் கீச்சுக் குரல்தான், அதனால் கத்திப் பயனில்லை. குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, நிதானமாக, ஒரு வாக்கியம் முடிந்ததும் இடைவெளி விட்டுப் பேசினால் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாலு பேர் சுற்றி நின்று பேசினால் கேட்காது.

"உங்க பேரனுக்கு" என்ற சொல்லை நான் வேண்டுமென்றே போட்டேன். "என் தம்பிக்குக் கல்யாணம்" என்றால் அது உங்கள் வீட்டுச் சேதி, அவர் விருந்தாளி. பேரனுக்குக் கல்யாணம் என்றால் ஆச்சி வீட்டு விசேஷம். எல்லாப் பெரியவர்களுக்கும் இப்படியே மாற்றிக்கொள்ளுங்கள், அத்தைக்கு "உங்க மருமகனுக்கு", பெரியப்பாவுக்கு "உங்க மகனுக்கு" என்று. அதே போல "எங்க வீட்டுக் கல்யாணம்" என்று சொந்தக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள், பங்காளி வீட்டில் அது தனியாகவே குத்தும், பாகம் பிரித்த கதை எல்லாம் ஞாபகம் வரும். "நம்ம வீட்டுக் கல்யாணம்" என்றே சொல்லுங்கள்.

திட்டு விழுந்ததே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா" என்று கேட்காத பெரியவர் அபூர்வம். அதற்கு வேலை, டிராஃபிக், பிள்ளை பரீட்சை என்று காரணம் சொல்ல ஆரம்பித்தால் அழைப்பு வாக்குவாதமாகிவிடும். தப்புதான் என்று ஒரு சொல், உடனே நல்ல சேதி. அது கோபமே இல்லை, ஆச்சி உங்களை உரிமையோடு பேசுகிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். "யாருட்டி", "ஏ புள்ள" என்று அவர் பேசுவதும் அப்படித்தான். அவர் நீ, வா, போ என்று பேசினாலும் நீங்கள் கடைசிவரை நீங்க, வாங்கதான். சொந்த ஆச்சியை நீ என்று கூப்பிட்டு வளர்ந்திருக்கலாம், அது செல்லம். ஒன்றுவிட்ட ஆச்சியிடம் அந்தச் செல்லம் கிடையாது.

ஆச்சி பெண் வீட்டு விவரம் எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் அழைப்பு வரி:

"வைகாசி 10 ஆச்சி, ஞாயித்துக்கிழமை. காலையில முகூர்த்தம், திருநெல்வேலியில. நம்ம வீட்டுக் கல்யாணம், நீங்க முன்னால வந்து இருந்து நடத்திக் குடுக்கணும்."

தமிழ் மாதமும் கிழமையும் சொல்லுங்கள், ஆச்சி தினசரிக் காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போடுவது அப்படித்தான். வினைச்சொல்லில்தான் மரியாதை நிற்கிறது. "வந்துருங்க" என்பது சம வயதுக்காரருக்கு. பெரியவருக்கு "வரணும்", "வந்து ஆசீர்வாதம் பண்ணணும்", "இருந்து நடத்திக் குடுக்கணும்". "கண்டிப்பா வரணும்" என்பதில் தவறில்லை, ஆனால் இப்போது எல்லோரும் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அதில் உயிர் இல்லை. எந்தக் காரணத்துக்காகவும் "முடிஞ்சா வாங்க" என்று சொல்லாதீர்கள். நீங்கள் அவருடைய உடம்பை நினைத்து அக்கறையாகத்தான் சொல்வீர்கள், அவர் காதில் "வராவிட்டாலும் பரவாயில்லை" என்று விழும். "உடம்பு முடியலைன்னா சிரமப்படாதீங்க" என்பதும் அதே ரகம். முடியாது என்பதை அவர் வாயால் அவரே சொல்லட்டும், சொன்ன பிறகு "வண்டி அனுப்புறோம் ஆச்சி, முகூர்த்தத்துக்கு மட்டும் இருந்துட்டுப் போகலாம்" என்று இறங்கி வாருங்கள்.

கணவரை இழந்த பெரியவர்கள் பலர் "நான் வந்து என்ன பண்ணப்போறேன், நீங்க நல்லா நடத்துங்க" என்று ஒதுங்குவார்கள். வர மனமில்லாமல் இல்லை. தன்னை முன்னால் நிறுத்துவார்களா, யாராவது முகம் சுளிப்பார்களா என்ற தயக்கம். அங்கே "அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்று பொதுவாகச் சமாதானம் சொல்லி விடாமல் ஒரு வேலையைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: "தம்பி முதல்ல உங்க கால்லதான் விழணும் ஆச்சி, அம்மா சொல்லிட்டாங்க." சொல்லிவிட்டால் அன்றைக்கு அதைச் செய்தாக வேண்டும், இல்லையென்றால் சொல்லவே வேண்டாம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்வியில் எனக்கு இடறியது அதுதான். கூச்சம் என்று அம்மாவை முழுக்க விட்டுவிட முடியாது. நம் முறையில் அழைப்பது வீட்டுப் பெரியவர், சின்னவர்கள் போனைப் போட்டுத் தொடங்கி வைக்கலாம், சேதியைச் சொல்லலாம், கடைசியில் அந்த வீட்டுத் தலைப்பட்டவர் குரல் கேட்டால்தான் அழைத்ததாகக் கணக்கு. அம்மா பத்து நிமிஷம் பேச வேண்டாம். ஆச்சி அம்மாவுக்கு மாமியார் முறை, அதனால் "அத்தை, நான்தான் பேசுறேன். நீங்க எல்லாரும் வந்துரணும் அத்தை, நீங்கதான் எங்களுக்குப் பெரியவங்க" என்று ஒரே ஒரு வரி. வந்துரணும் என்பதில் கூட அந்த ணும் இருப்பதைப் பாருங்கள், மருமகள் வாயில் அது சரியாகவே இருக்கும். இந்த வரியை அம்மாவுடன் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், போனை நீட்டிவிட்டு "பேசுங்க, பேசுங்க" என்று சைகை காட்டினால் கூச்சம் இன்னும் கூடும். பத்திரிகையில் பெரியப்பாவோ சித்தப்பாவோ பெயர் போட்டு அழைக்கிறீர்கள் என்றால் முக்கியமான நாலைந்து வீடுகளுக்கு அவரும் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

அப்பாவைப் பற்றிய பேச்சை நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம். "அப்பா இருந்திருந்தா அவங்களே கூப்பிட்டிருப்பாங்க" என்று முதல் வரியிலேயே சொல்கிறவர்கள் உண்டு, மனதார வருவதுதான், ஆனால் ஆச்சி அங்கேயே அழ ஆரம்பித்துவிடுவார், நீங்களும் அழுவீர்கள், கல்யாணச் சேதி கண்ணீரோடு கலந்துவிடும். ஆச்சியே எடுப்பார், "உங்க அப்பன் பாக்கக் குடுத்து வைக்கலையே" என்று. அப்போது சொல்லுங்கள்: "அப்பா இடத்துல நீங்க எல்லாரும் நிக்கணும் ஆச்சி." அதற்கு மேல் அங்கே சொல்ல ஒன்றும் இல்லை.

எல்லா வீட்டுக்கும் இதே அழைப்பு வரி பொருந்தாது. அம்பாசமுத்திரம் ஆச்சிக்குப் போன் வெறும் முன் தகவல்தான், வெற்றிலை பாக்கோடு தட்டில் பத்திரிகை வைத்து நேரில் அழைக்கப் போகிறீர்கள், அதனால் முடிவில் "பத்திரிகையோட நேர்ல வர்றோம் ஆச்சி, எப்ப வந்தா உங்களுக்குத் தோதுப்படும்?" என்று கேட்டே முடிக்க வேண்டும். கேட்காமல் விட்டால் போனிலேயே முடித்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடுவார். மும்பையில் இருக்கும் அத்தைக்கு நீங்கள் நேரில் போகப்போவதில்லை, அங்கே அதை மறைக்காமல் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: "நேர்ல வந்து அழைக்கிறதுதான் முறை அத்தை, எங்களால அவ்வளவு தூரம் வர முடியலை. நேர்ல வந்து அழைச்சதா ஏத்துக்கிட்டு நீங்களும் மாமாவும் வரணும்." பத்திரிகைகளிலேயே அச்சடிக்கிற வாசகம்தான், தேய்ந்துபோனதுதான், ஆனால் மருமகள் முறை வாயால் சொல்லும்போது அது வேலை செய்கிறது. பெரியவர்கள் எதிர்பார்ப்பதும் அந்தத் தெரிந்த வாசகத்தைத்தான், புதுமையை இல்லை. உள்ளூரில், கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் மட்டும் எடுபடாது.

கடந்த ஒரு வருஷத்துக்குள் துக்கம் நடந்த வீடு என்றால் தொடக்கமே வேறு. நீங்கள் அந்தத் துக்கத்துக்குப் போகவில்லை என்றால் முதலில் அதை விசாரியுங்கள், கல்யாணத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே போனில் இரண்டையும் பேசினால் கல்யாணம் வந்ததால்தான் விசாரித்தார்கள் என்று ஆகிவிடும். பேச்சுவார்த்தை நின்றுபோன வீடு என்றால் போனே போடாதீர்கள், அம்மாவோடு பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாசலில் போய் நில்லுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. காலைச் சாப்பாடு முடிந்து பத்து மணிவாக்கில் கூப்பிடுவது நல்லது, மதியம் படுத்திருப்பார்கள், ராத்திரி எட்டு ஒன்பதுக்குமேல் போன் அடித்தாலே பதறுவார்கள். ராகுகாலம் பார்க்கும் வீடு என்றால் சனிக்கிழமை 9 முதல் 10.30, வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12, ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 முதல் 6 தவிர்த்துவிடுங்கள். லீவு நாளில் கூப்பிடுகிறவர்கள் பலரும் சரியாக அந்தச் சனிக்கிழமை காலையில்தான் போய் விழுவார்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், காலண்டரைக் கிழிக்கிற ஆச்சிக்குக் கட்டாயம் தெரியும், "இந்த நேரத்துலயா சொல்றது" என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனதில் தங்கும். ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகளை வெவ்வேறு நாளில் கூப்பிடாதீர்கள். மூத்தவர் வீட்டுக்கு முதலில், அன்றைக்கே இளையவர் வீட்டுக்கு. சாயங்காலம் அவர்கள் பேசிக்கொள்வார்கள், "உனக்கு எப்ப சொன்னாங்க?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். "உங்களுக்குத்தான் முதல்ல சொல்றோம்" என்ற வரியும் அப்படித்தான், ஒரே ஒரு வீட்டில்தான் அதைச் சொல்ல முடியும். தாய்மாமன் வீட்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது உண்மையாகவும் இருக்கும்.

புது நம்பரில் இருந்து வரும் போனை எடுக்காதே என்று பிள்ளைகள் பயமுறுத்தி வைத்திருப்பதால் பல பெரியவர்கள் இப்போது எடுப்பதே இல்லை. முந்தின நாள் சித்தப்பாவுக்கோ பேரனுக்கோ "நாளைக்குக் காலையில ஆச்சிகிட்ட பேசணும், இந்த நம்பர்ல இருந்து கூப்பிடுவேன்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். அதிலும் கல்யாணம் என்று எழுதாதீர்கள். வாட்ஸ்அப் பத்திரிகை போனுக்குப் பிறகுதான் போக வேண்டும், முன்னாலேயே அனுப்பிவிட்டு "பாத்தீங்களா" என்று கேட்பதற்குப் பேர் அழைப்பு இல்லை. பேசி முடித்ததும் நீங்கள் முதலில் கட் பண்ணாதீர்கள், "வச்சிரட்டுமா ஆச்சி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆச்சிக்கு போனை எப்படி வைப்பது என்று தெரியாது, சித்தி வந்து வாங்குவார். அப்போதுதான் நீங்கள் சித்தியை அழைக்க வேண்டும்.